பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் முன்: ஷாம்பூ நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

கேள்வி: "போன மாசம் 9ஆம் தேதி எங்க தெரு சூப்பர் மார்க்கெட்ல ஒரு புது ஷாம்பூ வாங்கினேன். 340 மில்லி, 299 ரூபாய். மூணாவது தடவை தேய்ச்சுக் குளிச்ச மறுநாள் ராத்திரியில இருந்து தலை பூரா அரிப்பு. காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. டாக்டர் 'கான்டாக்ட் டெர்மடைட்டிஸ்'னு எழுதிக் குடுத்தார். கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினா, 'பழைய பாட்டிலைக் குடுத்துடுங்க, புது பாட்டில் அனுப்புறோம்'ங்கறாங்க. எனக்கு இன்னொரு பாட்டில் வேண்டாம், ஏன் இப்படி ஆச்சுன்னு பதில்தான் வேணும். கம்பெனிக்கு எப்படி எழுதணும்? தமிழ்ல எழுதலாமா?"

பாட்டிலைக் கொடுத்துவிடாதீர்கள். கடிதம் நாளைக்குக்கூட எழுதலாம், பாட்டில் கையை விட்டுப் போனால் திரும்ப வராது. அதிலும் புதுப் பாட்டில் என்பது உங்களுக்கு ஒரு பரிகாரமே இல்லை. அரிப்பைக் கிளப்பியது எந்தப் பொருளோ அதே பொருள் புதுப் பாட்டிலிலும் இருக்கும்.

தலைக்கும் தோலுக்குமான பொருட்கள் செய்யும் ஓர் ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 வருஷம் இருந்தேன். வாடிக்கையாளர் புகார்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தை இரண்டு பேர் படிப்பார்கள். முதலில் படிப்பவர் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர். அவர் கையில் இருப்பது ஒரு மன்னிப்பு வாசகமும், புதுப் பாட்டில் அனுப்பும் அதிகாரமும் மட்டும்தான். இரண்டாவது ஆள் தரப் பிரிவில் இருப்பவர். எந்தத் தொட்டியில், எந்த நாளில், எந்த மூலப்பொருளைக் கொண்டு உங்கள் ஷாம்பூ கலக்கப்பட்டது என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க முடிந்தவர் அவர்தான். கடிதத்தை அவருக்காக எழுதுங்கள். முதல் ஆளால் முடித்துவைக்க முடியாத கடிதம்தான் இரண்டாவது ஆளிடம் போகும்.

அந்த இரண்டாவது ஆள் முதலில் தேடுவது பேட்ச் எண்ணை. ஷாம்பூ பெரிய தொட்டிகளில் ஆயிரக்கணக்கான லிட்டராகக் கலக்கப்படுகிறது. ஒரு முறை கலப்பது ஒரு பேட்ச். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் சில பாட்டில்களை எடுத்துத் தனி அலமாரியில் பூட்டி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். உங்கள் கடிதத்தில் பேட்ச் எண் இருந்தால் அந்த அலமாரியைத் திறந்து அதே பேட்ச் பாட்டிலை எடுத்து, அமில காரச் சமநிலையைக் காட்டும் பிஹெச் பார்க்கலாம், கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாதுகாப்புப் பொருள் அளவு மீறியிருக்கிறதா என்று பார்க்கலாம், அதே எண்ணுக்கு வேறு ஊர்களிலிருந்தும் புகார் வந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். எண் இல்லாவிட்டால் இதில் எதுவுமே நடக்காது. "உங்கள் ஷாம்பூவால் என் தலையே புண்ணாகிவிட்டது" என்று கண்ணீரோடு எழுதிய எத்தனையோ கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேதனை உண்மையானது என்று எனக்குத் தெரியும். எந்தப் பாட்டில் என்றுதான் தெரியாது.

பேட்ச் எண் பாட்டிலின் அடியிலோ கழுத்திலோ பின்பக்க லேபிளின் ஓரத்திலோ புள்ளி புள்ளியாக அச்சாகியிருக்கும். ஈரக் கை பட்டால் அழிந்துவிடும் மை அது. இன்றே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். கூடவே தயாரிப்புத் தேதி, பயன்படுத்தக் கடைசித் தேதி, உற்பத்தி உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, உட்பொருள் பட்டியல் எல்லாவற்றையும் எடுங்கள். பாட்டிலின் முன்பக்கத்தையும் மறக்க வேண்டாம். "மென்மையானது", "எரிச்சல் தராது", "உணர்வுமிக்க உச்சந்தலைக்கு ஏற்றது" என்பதுபோல ஏதாவது பெரிதாகப் போட்டிருந்தால் அந்த வாசகத்துக்குச் சட்டத்தில் ஒரு எடை உண்டு, பிறகு சொல்கிறேன்.

படம் எடுத்த பிறகு மூடியை இறுக மூடி, ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை டேப்பால் ஒட்டி, டேப்பின் மேல் தேதியும் கையெழுத்தும் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கடைசிச் சொட்டுக்காகத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தப் பாட்டிலில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் கலந்தால் பாதுகாப்புப் பொருள் நீர்த்துப் போய்க் கிருமி வளரும். பிறகு எந்தப் பரிசோதனை முடிவு வந்தாலும், "நீங்கள்தான் மாற்றிவிட்டீர்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

இதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதே கடைக்குப் போய், உங்களுடைய அதே பேட்ச் எண் உள்ள, திறக்காத பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பில்லோடு ஒன்று வாங்கி, திறக்காமல் வையுங்கள். உபயோகிக்கவே போவதில்லை என்று தெரிந்த பொருளுக்கு மறுபடி 299 ரூபாய் கொடுப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் திறந்த பாட்டிலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், திறக்காத பாட்டிலைப் பற்றி வாதாட முடியாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 26ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொருளை வாங்கியவர் யாராக இருந்தாலும், உரிய கட்டணம் கட்டி, அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம் என்கிறது அது. மருந்துக்கு மட்டுமில்லை, ஷாம்பூவுக்கும் பொருந்தும். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. அந்த வழியில் போக நேர்ந்தால் இந்தத் திறக்காத பாட்டில்தான் உங்கள் கைமுதல்.

இனி உங்கள் தலைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்ப்போம். கடிதத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பது இதில்தான் இருக்கிறது.

டாக்டர் எழுதிய பெயருக்கு, தோலில் பட்ட ஏதோ ஒன்றால் வந்த அழற்சி என்று பொருள். அதில் இரண்டு வகை. ஒன்று எரிச்சல் வகை. ஷாம்பூவின் நுரைக்கும் பொருள் தோலின் எண்ணெய்ப் படலத்தை உரித்துவிடும், அல்லது கலவையில் அமில காரச் சமநிலை தவறியிருக்கும். இது யாருக்கும் வரலாம். தேய்த்த சில மணி நேரத்திலேயே எரிச்சலாகத் தொடங்கும். இன்னொன்று ஒவ்வாமை வகை. குறிப்பிட்ட ஒரு பொருளை உங்கள் உடல் எதிரியாக நினைவில் வைத்திருக்கும். அது மறுபடி பட்டதும் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் அரிப்பாகக் கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரர் அதே பாட்டிலைத் தேய்த்துச் சௌகரியமாக இருப்பார், உங்களுக்கு மட்டும் வரும்.

உங்களுக்கு மறுநாள் இரவு தொடங்கியிருக்கிறது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சிவந்திருக்கிறது. தலையை அலசும்போது நுரை வழிந்து ஓடும் பாதை அது. உச்சந்தலைத் தோல் தடிமன், தாங்கிக்கொள்ளும். வழியில் இருக்கும் மெல்லிய தோல், அதாவது காது, கழுத்து, கண்ணிமை, காட்டிக்கொடுத்துவிடும். ஷாம்பூ ஒவ்வாமைக்குத் தோல் மருத்துவர்கள் தேடும் அடையாளங்களில் இது ஒன்று. ஆனாலும் இதை வைத்து ஒவ்வாமைதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. புதிதாக ஒரு பொருளுக்கு உடல் பழகி ஒவ்வாமை உருவாக வழக்கமாகக் குறைந்தது பத்துப் பதினைந்து நாளாவது ஆகும். உங்களுக்கோ அதற்குள்ளேயே வந்துவிட்டது. ஒவ்வாமை என்றால், அந்தப் பொருள் முன்பே வேறொன்றின் வழியாக, கை கழுவும் திரவமோ பாத்திரம் துலக்கும் திரவமோ ஈரத் துடைப்பானோ, உங்களிடம் அறிமுகமாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் இது எரிச்சல் வகையாக இருக்கலாம். உறுதியாகச் சொல்வது, சந்தேகப் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் ஒன்றுதான். இந்தப் பேட்ச் வேறு, பாட்டிலில் உள்ள பேட்ச் எண் வேறு.

ஷாம்பூவில் ஒவ்வாமைக்குப் பேர்போன பொருட்கள் சில இருக்கின்றன. வாசனைக் கலவை ஒன்று. நுரையை மென்மையாக்கச் சேர்க்கும் கோகமிடோப்ரோபில் பீட்டெய்ன் இன்னொன்று. மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் டிஎம்டிஎம் ஹைடான்டோயின் மற்றொன்று. எல்லாவற்றையும் விட முதலில் உங்கள் பட்டியலில் தேட வேண்டியது பாதுகாப்புப் பொருட்களான மெத்தில்ஐசோதயசோலினோனும் அதன் கூட்டாளியான மெத்தில்குளோரோஐசோதயசோலினோனும். வாயில் நுழையாத பெயர்கள்தான், ஆனால் பட்டியலின் கடைசி வரிகளில் பார்த்தால் தெரிந்துவிடும், இரண்டும் "தயசோலினோன்" என்றே முடியும். அமெரிக்காவின் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் மெத்தில்ஐசோதயசோலினோனை 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அலசிக் கழுவும் பொருட்களில் அதன் உச்ச வரம்பை 0.0015 சதவீதமாக இறக்கியது. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான். இவ்வளவு கொஞ்சமாக இருக்க வேண்டிய ஒரு பொருளைத் தொட்டியில் போடும்போது நிறுவையில் சிறு தவறு நேர்ந்தாலும் அது எத்தனை மடங்காகும் என்று யோசித்துப் பாருங்கள். பேட்ச் எண்ணுக்காக நான் இவ்வளவு மன்றாடுவது அதனால்தான்.

போகிற போக்கில் ஒன்று. "பாரபென் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்பி வாங்கியதாகப் பலர் எழுதுவார்கள். பாரபென் என்பதும் ஒரு பாதுகாப்புப் பொருள்தான், தோல் ஒவ்வாமையைப் பொறுத்தமட்டில் மிகச் சாதுவானது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே கடிதத்தில் காரணத்தை நீங்கள் அறிவிக்காதீர்கள். "உங்கள் ஷாம்பூவில் விஷம் கலந்திருக்கிறது", "கலப்படம் செய்திருக்கிறீர்கள்" என்று எழுதினால், அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் பதில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நடந்ததை, நடந்த வரிசையில், தேதியோடு எழுதுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை.

உங்களுக்குச் சாதகமில்லாததையும் எழுதுங்கள். அந்த மாதத்தில் தலைக்குச் சாயம் பூசியிருந்தால், புது எண்ணெய் தடவியிருந்தால், முன்பே பொடுகு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தலைச்சாயத்திலுள்ள பிபிடி என்னும் பொருள் ஷாம்பூவை விடப் பெரிய ஒவ்வாமைக்காரன். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். நீங்களே சொல்லிவிட்டால் உங்கள் மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்பு கூடும்.

நீங்கள் கேள்வியில் கொடுத்த விவரத்தை வைத்து ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். மற்ற தேதிகளும் மருத்துவச் செலவும் நானாகப் போட்டவை. மாற்றிக்கொள்ளுங்கள், உண்மையில்லாத வரி எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல்)

பெறுநர்: நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலர் மற்றும் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர், (லேபிளில் உள்ள தயாரிப்பாளர் பெயர், முகவரி)

பொருள்: (ஷாம்பூவின் முழுப் பெயர்), 340 மி.லி., பேட்ச் எண் (…), தயாரிப்பு மாதம் (…) – உபயோகித்த பின் தலையில் அரிப்பும் தோல் சிவப்பும் ஏற்பட்டது – பேட்ச் ஆய்வும் எழுத்துப்பூர்வ பதிலும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மேற்படி ஷாம்பூவை மார்ச் 9 அன்று (கடை, ஊர்) கடையில் 299 ரூபாய்க்கு வாங்கினேன். பில் நகல் இணைத்துள்ளேன். வாங்கும்போது மூடியின் முத்திரை பிரிக்கப்படாமல் இருந்தது.

மார்ச் 12, 16, 20 ஆகிய மூன்று நாட்கள், லேபிளில் சொல்லியிருக்கும் முறைப்படி ஈரத் தலையில் தேய்த்து உடனே அலசினேன். மார்ச் 21 இரவு உச்சந்தலை முழுவதும் அரிப்பு தொடங்கியது. மறுநாள் காலை இரண்டு காதுகளின் பின்புறமும் பிடரியும் சிவந்து தடித்திருந்தன. அன்றே ஷாம்பூவை நிறுத்திவிட்டேன். மார்ச் 23 அன்று தோல் மருத்துவரிடம் காட்டினேன். அவர் கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் என்று குறித்து மருந்து எழுதிக் கொடுத்தார். மார்ச் 30 வாக்கில் சிவப்பு தணிந்தது. அதன் பின் முன்பு உபயோகித்த பழைய ஷாம்பூவுக்கே திரும்பினேன். இதுவரை அரிப்பு திரும்பவில்லை.

கடந்த மூன்று மாதங்களில் தலைச்சாயம் எதுவும் பூசவில்லை. எண்ணெய், சீப்பு, துண்டு எதையும் மாற்றவில்லை. எனக்கு முன்பு தோல் ஒவ்வாமை இருந்ததில்லை.

மீதமுள்ள ஷாம்பூ, பாட்டிலோடு முத்திரையிட்டு என்னிடம் உள்ளது.

தங்களிடம் நான் கோருவது: இந்தப் பேட்ச்சிலிருந்து எடுத்து வைத்த மாதிரியைச் சோதித்து, பிஹெச், பாதுகாப்புப் பொருட்களின் அளவு, கிருமிச் சோதனை ஆகியவற்றின் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதே பேட்ச் பற்றி வேறு புகார்கள் வந்துள்ளனவா என்று தெரிவிக்க வேண்டும். எனக்குப் பேட்ச் டெஸ்ட் செய்வதற்காக, வாசனைக் கலவையில் உள்ள பொருட்களின் விவரத்தை என் மருத்துவருக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். ஷாம்பூ விலை 299, மருத்துவர் கட்டணம் 400, மருந்து 610, ஆக 1309 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பாட்டில் எனக்கு வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இணைப்பு: பில், மருத்துவர் சீட்டு, மருந்து பில் ஆகியவற்றின் நகல்கள், பாட்டில், லேபிள் படங்கள், மார்ச் 22, 23, 30 தேதிகளில் எடுத்த தோல் படங்கள்.

இப்படிக்கு,
(கையெழுத்து, தேதி)

கடிதம் அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குச் சற்று மேலே வரும். அதில் மூன்று வரிகள் எனக்கு முக்கியம். "நிறுத்திய பின் தணிந்தது, பழையதற்குத் திரும்பிய பின் வரவில்லை" என்பது முதலாவது. மருத்துவச் சீட்டுக்கு அடுத்த வலுவான சாட்சி அதுதான். உறுதிப்படுத்துவதற்காக மறுபடி அந்த ஷாம்பூவைத் தேய்த்துப் பார்க்காதீர்கள். ஒவ்வாமையாக இருந்தால் இரண்டாம் முறை இன்னும் மூர்க்கமாக வரும். முழங்கையில் தடவிக் கட்டுப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். நீர்க்காத ஷாம்பூவைத் தோலில் வைத்துக் கட்டினால் யாருக்குமே சிவக்கும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

"மருத்துவருக்கு நேரடியாக" என்பது இரண்டாவது. லேபிளில் "வாசனைப் பொருள்" என்று ஒற்றைச் சொல்லாக இருப்பதற்குள் பல பொருட்கள் ஒளிந்திருக்கும். தொழில் ரகசியம் என்று உங்களுக்குச் சொல்ல மறுக்கும் நிறுவனம்கூட, ஒரு மருத்துவர் கேட்டால் கொடுக்க முன்வருவதை நான் பார்த்திருக்கிறேன். 1309 ரூபாயை விட இந்தக் கோரிக்கை உங்களுக்குப் பெரியது. எந்தப் பொருள் என்று தெரிந்துவிட்டால், வாழ்நாள் முழுக்க லேபிளைப் பார்த்து ஒதுக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, கடையின் பில். என் மேசைக்கு வந்த ஒரு புகாரில் எல்லாம் சரியாக இருந்தது, படங்களும் பேட்ச் எண்ணும் தெளிவாக இருந்தன. பதிவேட்டில் தேடினால் அப்படி ஒரு பேட்ச் எண்ணையே எங்கள் ஆலை போட்டதில்லை. பாட்டிலை வாங்கிப் பார்த்தபோது லேபிளின் ஓரம் கோணலாக இருந்தது, நுரையும் வாசனையும் வேறாக இருந்தன. பாதி விலைக்கு யாரிடமோ வாங்கிய போலி அது. அந்தப் பெண்ணின் தலைப்புண் மட்டும் போலியில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு பதில் வந்தால், கடைக்காரரிடமும் உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும் போக வேண்டியிருக்கும். அப்போது பேசுவது பில் மட்டும்தான்.

தமிழில் தாராளமாக எழுதலாம். உங்கள் மொழியில் எழுதினால்தான் அரிப்பையும் தடிப்பையும் சரியாகச் சொல்ல வரும். தலைமை அலுவலகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தால், பொருள் வரியையும் தேதிகளையும் கோரிக்கைகளையும் மட்டும் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதித் தமிழ்க் கடிதத்தோடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்புக்கு அனுப்பியிருக்கிறோம் என்று மூன்று வாரம் ஓடிவிடும்.

முகவரியைத் தேடி அலைய வேண்டாம். பொட்டலப் பொருள் விதிகளின்படி, புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் லேபிளிலேயே இருக்க வேண்டும். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், அஞ்சலகத்தில் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அசல் பில்லும் அசல் மருத்துவச் சீட்டும் உங்களிடமே இருக்கட்டும்.

இனி அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று பார்ப்போம். ஆள் அனுப்பிப் பாட்டிலை வாங்கிக்கொள்கிறோம் என்பார்கள். தரப் பிரிவுக்கு உண்மையிலேயே அந்த மிச்சம் தேவை, அதில் தவறில்லை. வருகிறவர் முன்னாலேயே பையைப் பிரித்து, இரண்டு சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குப்பிகளில் பாதிப் பாதி ஊற்றி, இரண்டையும் ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவரிடம் கொடுங்கள். இன்னொரு குப்பியும் லேபிளோடு கூடிய பாட்டிலும் உங்களிடம் இருக்கட்டும். கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்குங்கள். அவர் நீட்டும் காகிதத்தில் "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்று இருந்தால், பணமும் ஆய்வு முடிவும் கைக்கு வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு ஒரு கடிதம் வரும். "சம்பந்தப்பட்ட பேட்ச் எல்லாத் தரச் சோதனைகளிலும் தேறியுள்ளது, தங்கள் சருமம் அதிக உணர்வுத்தன்மை கொண்டதாக இருக்கலாம்." இதைப் படித்துக் கோபம் வரும். ஆனால் இது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பேட்ச் சரியாக இருந்து, பொருட்கள் அளவுக்குள் இருந்து, உங்களுக்கு மட்டும் ஒவ்வாமை வந்திருக்கலாம். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியும். அப்படியானால் உங்கள் நோய்க்கு ஷாம்பூதான் காரணம், ஆனால் ஷாம்பூவில் குறை இல்லை. சட்டத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 84ஆவது பிரிவில், தயாரிப்பாளர் எப்போது பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, குறித்த அளவுகளிலிருந்து விலகல், வெளிப்படையாகக் கொடுத்த உறுதிமொழிக்குப் பொருந்தாமை, சரியான எச்சரிக்கையோ உபயோக விளக்கமோ இல்லாமை ஆகியவை அந்தக் காரணங்கள். முன்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னது இங்கேதான் உதவும். "எரிச்சல் தராது" என்று அச்சிட்டு விற்றிருந்தால் அது அவர்கள் கொடுத்த உறுதிமொழி. அதைக் கொடுத்ததில் தங்களிடம் கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் பொறுப்பு நீங்காது என்று அதே பிரிவு சொல்கிறது. வெறும் "பட்டுப் போன்ற கூந்தல்" என்றிருந்தால் அதை உறுதிமொழி என்று நிறுவுவது கடினம். லேபிளில் உட்பொருள் பட்டியலே இல்லை, அல்லது பேட்ச் டெஸ்டில் சிக்கிய பொருள் பட்டியலில் இல்லை என்றால் உங்கள் பக்கம் மிக வலுவாகிவிடும். 60 மில்லிக்குக் குறைந்த பொட்டலத்தில் பட்டியல் போட வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. சாஷே வாங்குகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பது என் எண்ணம். உங்களுடையது 340 மில்லி, பட்டியல் இருந்தே ஆக வேண்டும்.

அதனால் அந்தப் பதிலுக்கு நீங்கள் எழுத வேண்டியது நான்கே வரி: "தேறியது என்கிறீர்கள், சோதனையின் எண்களை அனுப்புங்கள். புகார் வந்த பிறகு சோதித்ததா, தயாரித்த அன்று சோதித்ததா என்று சொல்லுங்கள். மருத்துவருக்கு அனுப்பக் கேட்ட விவரம் என்னவாயிற்று? என் மற்றக் கோரிக்கைகளுக்குப் பதில் இல்லை." தயாரித்த அன்றைய சான்றிதழையே தூசிதட்டி அனுப்புவது சாதாரணமாக நடப்பது. அதனால்தான் இரண்டாவது வரியை விட்டுவிடக் கூடாது.

இதற்கிடையில் பேட்ச் டெஸ்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் விசாரியுங்கள். தோல் முழுக்க ஆறிய பிறகுதான் செய்வார்கள். சந்தேகப் பொருட்களைச் சிறு சிறு வட்டங்களாக மேல் முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டுவிடுவார்கள். அந்த இரண்டு நாளும் முதுகு நனையக் கூடாது, நம் ஊர் வெயிலில் அது கொஞ்சம் சோதனைதான். பிரித்ததும் ஒரு முறை பார்த்து, மறுபடி ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தாமதமாகக் கிளம்பும் ஒவ்வாமை அப்போதுதான் தெரியும். ஷாம்பூ பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்ப் பட்டியலைக் காட்டுங்கள்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கோ consumerhelpline.gov.in தளத்திலோ புகாரைப் பதியுங்கள். அது நீதிமன்றம் இல்லை, தீர்ப்புச் சொல்லாது. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர முயலும். முதல் ஆளைத் தாண்டாத கடிதம் இந்த வழியில் இரண்டாவது ஆளிடம் போய்ச் சேர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், e-jagriti.gov.in வழியாக இணையத்திலும் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். பொருளில் குறை உண்டா என்பது சோதித்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால், ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். நீங்கள் பூட்டி வைத்த அந்தத் திறக்காத பாட்டில் அப்போது வெளியே வரும்.

ஒன்று மட்டும் கடிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. கண்ணிமை வீங்கினாலோ, தலையில் நீர் கசிந்தாலோ சீழ் கட்டினாலோ, மூச்சு இறுகினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது பாட்டிலின் படம் கைபேசியில் இருக்கட்டும்.

பேட்ச் எண்ணை உங்களால் படிக்க முடியவில்லை என்றால், அந்த இடத்தில் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுத்துப் பாருங்கள். அழிந்த மையின் தடம் பெரும்பாலும் தெரியும்.